தொண்டை வலி போன பிறகு உடம்பெல்லாம் துளித்துளியாகச் செதில்: இது அம்மையா, சொரியாசிஸா?

"என் தங்கைக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள். மூன்று வாரத்துக்கு முன்னால் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்து நாலு நாளில் சரியாகிவிட்டது. இப்போது வயிறு, முதுகு, தொடை எல்லாம் மழைத்துளி தெறித்த மாதிரி சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள், மேலே லேசாகச் செதில். பாட்டி அம்மை என்கிறார். தோல் டாக்டர் 'குட்டேட் சொரியாசிஸ்' என்று எழுதியிருக்கிறார். சொரியாசிஸ் வந்தால் ஆயுளுக்கும் போகாது என்கிறார்களே? தொண்டைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் இது போய்விடுமா?"

உங்கள் தங்கையை நான் நேரில் பார்க்கவில்லை. ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கும் வரிசை, தோல் மருத்துவம் பார்க்கும் எங்களுக்கு நன்றாகப் பழகிய வரிசை. முதலில் தொண்டை. அப்புறம் இரண்டு மூன்று வாரம் ஒன்றுமே இல்லை. பிறகு ஒரு நாள் குளிக்கும்போது வயிற்றில் நாலைந்து புள்ளி கண்ணில் படும். ஒரு வாரம் பத்து நாளுக்குள் அது நூறைத் தாண்டிவிடும். வருகிறவர்கள் பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதுப் பிள்ளைகள். 'குட்டா' என்றால் லத்தீன் மொழியில் துளி. மழைத்துளி தெறித்த மாதிரி என்று நீங்கள் எழுதினீர்களே, இந்தப் பெயரை வைத்தவர்கள் கண்ணுக்கும் அது அப்படித்தான் பட்டிருக்கிறது.

கேட்ட கேள்விகளுக்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது அம்மை இல்லை. ஆயுளுக்கும் இருக்கும் என்பதும் பெரும்பாலானவர்களுக்கு உண்மையில்லை. மூன்று நான்கு மாதத்தில் அடங்கிவிடுவதுதான் இதன் வழக்கம். ஆனால் எல்லோருக்கும் அப்படி என்று சொல்ல முடியாது, அதைக் கடைசியில் விளக்குகிறேன். தொண்டையில் கிருமி இன்னும் இருந்தால் ஆன்டிபயாடிக் தொண்டைக்கு வேலை செய்யும். புள்ளிகள் அதனால் போகும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஏன் என்பது புரிந்தால் மற்றதெல்லாம் தானே புரியும்.

அதற்கு முன் பாட்டிக்கு ஒரு பதில். சின்னம்மையில் கொப்புளத்துக்குள் தண்ணீர் இருக்கும். காய்ச்சலும் கொப்புளமும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும், ஒரு வாரத்தில் காய்ந்து பொருக்குத் தட்டும். உங்கள் தங்கைக்கு வந்திருப்பது முதல் நாளிலிருந்தே உலர்ந்த புள்ளி. நகத்தால் மெதுவாகச் சுரண்டினால் தண்ணீர் வராது, வெள்ளைத் தூளாகச் செதில்தான் உதிரும். மெழுகுவத்தியைச் சுரண்டினால் வருமே, அந்த மாதிரி. காய்ச்சல் போய் வாரக் கணக்காகியும் புதுப் புள்ளிகள் வந்துகொண்டே இருக்கும். இந்த வித்தியாசத்தை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அம்மை என்று முடிவு கட்டிவிட்டால் வீட்டில் குளிக்க விடமாட்டார்கள், எண்ணெய் தொடக் கூடாது என்பார்கள். இந்த நோய்க்கு வேண்டியது நேர் எதிரானது. தினமும் குளிக்க வேண்டும், குளித்த ஈரம் காய்வதற்குள் எதையாவது எண்ணெய்ப் பசையாகத் தடவ வேண்டும். தலைமாட்டில் வேப்பிலை இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் கெடுதல் இல்லை.

சரி, தொண்டைக்கும் வயிற்றுத் தோலுக்கும் என்ன சம்பந்தம்?

தொண்டை வலிகளில் பெரும்பகுதி வைரஸால் வருவது. ஒரு பங்கு மட்டும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வருகிறது. நாம் சாதாரணமாக 'உள்நாக்கு வீக்கம்' என்று சொல்கிறோமே, அது உண்மையில் டான்சில் வீக்கம். உள்நாக்கு என்பது நடுவில் தொங்குவது. இந்த டான்சில்கள்தான் அந்தப் பாக்டீரியாவை எதிர்க்கும் வெள்ளை அணுக்களுக்குப் பயிற்சிக்கூடம். கிருமியின் மேலுறையில் எம் புரதம் என்று ஒன்று இருக்கிறது. அதன் சில பகுதிகள் நம் தோலில் இருக்கும் கெரட்டின் புரதத்தின் சில பகுதிகளைப் போலவே இருக்கின்றன. டான்சிலில் அந்தப் புரதத்தை அடையாளம் பழகிய டி-அணுக்கள் என்ற வெள்ளை அணுக்கள், தோலுக்குப் போகும் முகவரியையும் சுமந்துகொண்டு ரத்தத்தில் கிளம்புகின்றன. தோலுக்கு வந்து சேர்ந்ததும் கிருமியைப் போலத் தெரிகிற சொந்தத் தோலை எதிரி என்று எடுத்துக்கொள்கின்றன. இதுதான் இன்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம்.

அவை அங்கே கிளப்பும் அழற்சியில் மேல்தோல் அணுக்கள் அவசரம் அவசரமாகப் பெருகுகின்றன. சாதாரணமாக ஒரு மேல்தோல் அணு அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் உள்ள இடத்தில் அது சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. முதிராத அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்வதைத்தான் நாம் செதிலாகப் பார்க்கிறோம். ஆக, புள்ளியில் கிருமி இல்லை. அங்கே இருப்பது தொண்டையில் நடந்த சண்டையின் நினைவு மட்டும். அதனால்தான் இடையில் அந்த இரண்டு மூன்று வார மௌனம். அதனால்தான் இது தொட்டால் ஒட்டாது. ஒரே துண்டு, ஒரே படுக்கை என்று பயப்பட வேண்டாம். தொண்டை வலி வேண்டுமானால் வகுப்பில் பத்துப் பேருக்குப் பரவியிருக்கும். ஆனால் அந்தப் பத்துப் பேருக்கும் புள்ளி வராது. எச்எல்ஏ-சி06 என்ற மரபு வகை உள்ளவர்களுக்கே இது பெரும்பாலும் வருகிறது. வீட்டில் பெரியப்பாவுக்கோ தாத்தாவுக்கோ தலையில் செதில், முட்டியில் படை என்று ஏதாவது இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். சில வீடுகளில் 'அது பொடுகு' என்று முப்பது வருடம் சொல்லி வந்திருப்பார்கள்.

சின்னக் குழந்தைகளுக்கு இன்னொரு வாசலும் உண்டு. ஐந்தாறு வயதுப் பிள்ளைக்குத் தொண்டை வலியே இல்லாமல் இப்படிப் புள்ளி வந்தால், ஆசனவாயைச் சுற்றிப் பார்க்க வேண்டும். அங்கே அதே கிருமி பளிச்சென்று சிவந்த ஒரு வளையமாக உட்கார்ந்திருக்கும். பிள்ளை மலம் கழிக்க அழும், குடல் பூச்சி என்று பூச்சி மருந்து கொடுத்திருப்பார்கள். கேட்டால்தான் பெற்றோர் சொல்வார்கள். உங்கள் தங்கைக்கு இது பொருந்தாது, படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாடப் புத்தகங்களில் இது 'சால்மன் மீன் நிறம்' என்று இருக்கும். அது வெள்ளைத் தோலில். நம் மாநிறத்தில் இது மங்கிய செம்பழுப்பாக இருக்கும். கறுத்த தோலில் ஊதா கலந்த கருப்பாகவோ சாம்பல் பூத்த மாதிரியோ இருக்கும். இணையத்தில் படம் தேடிப் பார்த்துவிட்டு 'எனக்கு இவ்வளவு சிவப்பாக இல்லையே, அப்போது இது வேறு' என்று வருகிறவர்கள் உண்டு. நிறத்தை விடுங்கள், அளவையும் செதிலையும் பாருங்கள். ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை, மிளகு முதல் சுண்டைக்காய் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பின் நடுப்பகுதி, தோள், தொடை. உள்ளங்கை உள்ளங்கால் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

இந்த உள்ளங்கை விஷயம் சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் அதில்தான் நாங்கள் ரொம்பக் கவனமாக இருப்போம். இதே மாதிரிச் செதில் புள்ளி உடம்பெல்லாம் வந்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இருந்தால், அது சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் இரண்டாம் கட்டமாக இருக்கலாம். அதனால் இளவயதினர் யாருக்கும் சந்தேகம் இருந்தால் விடிஆர்எல் என்ற ரத்தப் பரிசோதனையை எழுதிவிடுவோம். எழுதினால் பெற்றோர் சிலர் கோபித்துக்கொள்வார்கள். அது குணம் பற்றிய தீர்ப்பு இல்லை, விடக் கூடாத ஒன்றை விடாமல் இருப்பதற்கான வழி. அடிக்கடி குழப்புகிற இன்னொன்று பிட்டிரியாசிஸ் ரோசியா. அதுவும் இந்த வயதில், முதுகிலும் வயிற்றிலும்தான் வரும். ஆனால் அதில் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பெரிய வட்டப் படை தனியாக வந்திருக்கும், ஒரு வாரம் கழித்துக் குட்டிகள் வரும். அவை நீள்வட்டமாக, முதுகில் விலா எலும்பின் சாய்விலேயே வரிசைகட்டி நிற்கும். செதில் புள்ளி முழுவதும் இருக்காது, ஓரத்தில் மட்டும் கழுத்துப்பட்டை மாதிரி இருக்கும். அது ஆறு முதல் எட்டு வாரத்தில் தானே போய்விடும். படர்தாமரை என்றால் நடுவில் தெளிந்து ஓரம் தடித்து வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். ஒரே வாரத்தில் நூறு இடத்தில் முளைக்காது.

இப்போது ஒரு நோயாளியின் கதை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 19 வயதுப் பையன், பொறியியல் கல்லூரி விடுதியில் இருந்தான். எச்சில் விழுங்க முடியாத தொண்டை வலி, காய்ச்சல். மருந்துக் கடையில் கேட்டு அசித்ரோமைசின் மூன்று நாள் சாப்பிட்டான், சரியானது. பதினாறாம் நாள் வயிற்றில் புள்ளி. வேர்க்குரு என்று பவுடர் போட்டான். ஒரு வாரத்தில் முதுகு நிறைந்துவிட்டது. மறுபடி அதே கடை. இந்தத் தடவை ஒரு சின்ன மாத்திரையும் ஒரு அரிப்பு மாத்திரையும், தடவ ஒரு கிரீமும் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே புள்ளிகள் மங்கின. பையனுக்கு ஒரே சந்தோஷம். எட்டு நாள் சாப்பிட்டு நிறுத்தினான். நிறுத்திய ஐந்தாம் நாள், போனதெல்லாம் திரும்பி வந்தது. கூடவே கையும் காலும் சேர்ந்துகொண்டன. என்னிடம் வரும்போது எண்ணிப் பார்க்கவில்லை, இருநூறுக்குக் குறையாது.

அந்தச் சின்ன மாத்திரை ஒரு ஸ்டீராய்டு. இந்தக் கதையில் நான் உங்களிடம் சொல்ல விரும்புகிற முக்கியமான விஷயம் இதுதான். சொரியாசிஸ் எந்த வகையானாலும், வாய்வழி ஸ்டீராய்டோ ஊசியோ போட்டால் முதலில் மந்திரம் போட்டது போல மறையும். நிறுத்தும்போது இரட்டிப்பாகத் திரும்பக்கூடும். சிலருக்கு உடம்பு முழுக்கச் சிவந்து தோல் உரியும், அல்லது சீழ்க் கொப்புளங்களாக மாறும். அந்த நிலையில் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கும். தொண்டை வலியின் பின்விளைவாக வந்து தானாகவே போயிருக்க வேண்டியது, இப்படிக் கிளறிவிடப்பட்டுப் பெரிய நோயாகிவிடுகிறது. தடவும் கிரீம்களிலும் கவனம் வேண்டும். கடையில் கிடைக்கும் 'எல்லாவற்றுக்கும் ஒரே டியூப்' வகையில் வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்திருக்கும். அதை உடம்பு முழுக்கப் பூசினால் தோலில் வரி விழும், முகத்தில் பூசினால் பரு கிளம்பும். டியூபின் மேல் குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டின் பெயர் இருந்தால் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

பையனைப் பரிசோதித்தபோது உச்சந்தலை, காதுக்குப் பின்புறம், தொப்புள், நகம் எல்லாம் பார்த்தேன். நகத்தில் ஊசியால் குத்தியது போலக் குழிகள், முழங்கையிலோ முட்டியிலோ பழைய தடித்த படை என்று இருந்தால், இது முன்பே இருந்த சொரியாசிஸின் ஒரு கிளர்ச்சி என்று பொருள். அவனுக்கு இரண்டுமே இல்லை. உள்ளங்கை சுத்தம். விடிஆர்எல் நெகடிவ். தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி கல்ச்சருக்கு அனுப்பினேன், கிருமி வளரவில்லை. ஏஎஸ்ஓ என்ற ரத்தப் பரிசோதனையில் மட்டும் 600 என்று வந்தது. தோல் துண்டு எடுத்துப் பார்க்கிற பரிசோதனை தேவைப்படவில்லை. பார்த்தாலே தெரிகிற நோய் இது, சந்தேகம் வந்தால் மட்டும் எடுப்போம்.

இந்த ஏஎஸ்ஓ எண்ணைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நோயைவிட அந்தத் தாளைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம். ஸ்ட்ரெப்டோகாக்கஸை நம் உடம்பு சந்தித்ததற்கான காலடித்தடம் அது. தொற்று வந்து ஒரு வாரம் போல ஆன பிறகு ஏற ஆரம்பிக்கும், மூன்று முதல் ஐந்து வாரத்தில் உச்சிக்குப் போகும், அப்புறம் மாதக் கணக்கில் மெல்ல இறங்கும். ஆகவே அது உயர்ந்திருந்தால் 'சமீபத்தில் வந்து போயிருக்கிறது' என்று அர்த்தம். 'இப்போது கிருமி இருக்கிறது' என்று அர்த்தமில்லை. ஆய்வகத் தாளில் 200க்கு மேல் என்றால் தடித்த எழுத்தில் அடித்துத் தருவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆரோக்கியமாக இருக்கும்போதே அதற்கு மேல் இருப்பது சாதாரணம். அந்த எண்ணைக் குறைப்பதற்காக மாதாமாதம் பெனிசிலின் ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த ஊசி, இதே கிருமியின் பின்விளைவாக மூட்டையும் இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர்களுக்கு, இதயத்தைக் காக்க. ஏஎஸ்ஓ உயர்வும் தோலில் புள்ளியும் மட்டும் அதற்குக் காரணமாகாது.

அதே கிருமி, அதே இரண்டு மூன்று வார இடைவெளியில், வேறு சிலரிடம் இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும் என்பதும் உண்மை. எனவே உங்கள் தங்கையிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். முட்டி, கணுக்கால், மணிக்கட்டு என்று இடம் மாறி மாறி மூட்டு வீங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா? காலையில் முகம் ஊதி, சிறுநீர் தேத்தண்ணீர் நிறத்தில் போகிறதா? இரண்டில் எதற்காவது 'ஆமாம்' என்றால் தோல் மருத்துவருக்காகக் காத்திருக்காமல் பொது மருத்துவரை அன்றே பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கவலையை விடலாம்.

இனி ஆன்டிபயாடிக். தொண்டையில் இப்போதும் வலி இருந்தாலோ கல்ச்சரில் கிருமி வளர்ந்தாலோ கட்டாயம் கொடுக்க வேண்டும். பெனிசிலின் அல்லது அமாக்சிசிலின், முழுசாக 10 நாள். நாலாம் நாள் வலி போனதும் நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. ஆனால் இதைக் கொடுப்பது தொண்டையைச் சுத்தம் செய்யவும், நான் மேலே சொன்ன ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கவும். புள்ளிகள் இதனால் சீக்கிரம் போகின்றனவா என்று சோதித்த ஆய்வுகள் மிகச் சில, அவையும் சிறியவை. காக்ரேன் அமைப்பு 2019ல் அவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்துவிட்டு, பயன் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லும் அளவுக்கு ஆதாரம் போதவில்லை என்றுதான் எழுதியது. முன்பு சொன்ன விளக்கத்தோடு இது பொருந்துகிறது. படைவீரர்கள் ஏற்கெனவே தோலுக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள், பயிற்சிக்கூடத்தை இப்போது பூட்டி என்ன? கல்ச்சர் சுத்தமாக இருந்ததால் நான் அந்தப் பையனுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை. வேறு மருத்துவர் ஒருவர் கொடுத்திருக்கலாம், அதையும் தவறென்று சொல்லமாட்டேன்.

பிறகு என்னதான் செய்தேன்? முதல் வேலை எண்ணெய்ப் பசை. தேங்காய் எண்ணெயோ வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரோ, குளித்து மூன்று நிமிடத்துக்குள், தினமும் இரண்டு வேளை. செதில் அடங்குவதில் பாதி இதிலேயே நடக்கும். கரடுமுரடான பீர்க்கங்காய் நார், கல், கடலைமாவு போட்டுத் தேய்ப்பது எல்லாம் வேண்டாம். சொரியாசிஸ் இருக்கும் சமயத்தில் தோலில் கீறல் விழுந்தால், கீறின கோட்டிலேயே புதுப் புள்ளி வரிசையாக முளைக்கும். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும்.

அடுத்தது தடவும் மருந்து. இங்கே ஒரு நடைமுறைத் தொல்லை இருக்கிறது. முட்டியில் ஒரு படை என்றால் அதில் மட்டும் தடவலாம். இருநூறு புள்ளியில் ஒவ்வொன்றாக யார் தொட்டு வைப்பது? முதுகில் கை எட்டாது. அதனால் மிதமான ஸ்டீராய்டு லோஷனை அரிப்பு அதிகமுள்ள இடங்களுக்கு மட்டும், இரண்டு வாரத்துக்கு எழுதினேன். வைட்டமின் டி வகையைச் சேர்ந்த கால்சிபோட்ரியால் களிம்பும் நன்றாக வேலை செய்யும், விலை கொஞ்சம் அதிகம்.

உடம்பு முழுக்கச் சிதறிக் கிடக்கும் இந்த வகைக்கு நாங்கள் பெரிதும் நம்புவது ஒளி சிகிச்சையை. நேரோபேண்ட் யுவிபி என்பார்கள். 311 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட புற ஊதாக் கதிர். ஆள் நிற்கிற அளவு அலமாரி மாதிரி ஒரு பெட்டி, உள்ளே சுற்றிலும் குழல் விளக்குகள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் நாள் சில விநாடிகள், பிறகு தோல் தாங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து நேரத்தைக் கூட்டுவார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, மொத்தம் இருபது முப்பது முறை போக வேண்டியிருக்கும். அரசு மருத்துவக் கல்லூரிகளின் தோல் துறைகள் பலவற்றில் இந்தப் பெட்டி இருக்கிறது. பையனுக்கு ஐந்தாம் வாரத்தில் புள்ளிகள் தட்டையாகின, ஒன்பதாம் வாரத்தில் செதில் இல்லை. சிகிச்சையால் போனதா, போகிற நேரத்தில் சிகிச்சை நடந்ததா என்று ஒரு தனி ஆளை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

'வெயிலில் நின்றால் போதாதா?' என்று எல்லோரும் கேட்பார்கள். ஓரளவுக்குப் போதும். ஆனால் காலை ஆறு மணி இளவெயிலில் நமக்கு வேண்டிய கதிர் மிகக் குறைவு. ஜன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். உச்சி வெயிலில் நின்று தோல் கருகினால், அந்தக் கருகலிலேயே புதுப் புள்ளி வரும். ஒன்பது பத்து மணி வாக்கில் மொட்டை மாடியில் பத்து நிமிடம் என்பது நியாயமான அளவு. பதினேழு வயதுப் பெண் பிள்ளைக்கு முதுகையும் வயிற்றையும் வெயிலில் காட்டுவது நம் வீடுகளில் எவ்வளவு சாத்தியம் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் பெட்டியைச் சொல்கிறேன்.

சித்த மருத்துவத்தில் சொரியாசிஸைக் காளாஞ்சகப்படை என்று சொல்லி வெட்பாலைத் தைலம் கொடுப்பார்கள். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு வெயிலில் வைப்பார்கள், எண்ணெய் ஊதா நிறமாகும். தடவிக்கொண்டு கொஞ்சம் வெயில் காய்வதும் அதில் உண்டு. எண்ணெய்ப் பசையும் சூரிய ஒளியும் சேர்வதால் மட்டுமே கூட ஓரளவு பலன் இருக்கும். வீட்டில் தடவ விரும்பினால் நான் தடுப்பதில்லை. ஆனால் பெயர் இல்லாத பொடி, லேபிள் இல்லாத மாத்திரை உள்ளுக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். அவற்றில் கனஉலோகமோ கலந்த ஸ்டீராய்டோ இருக்கலாம், நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. பத்தியம் என்று கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்திப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம். உணவால் வந்த நோய் இல்லை இது.

இனி 'ஆயுளுக்குமா' என்ற கேள்வி. வழக்கமான போக்கு இப்படி: முதல் மாதம் புதுப் புள்ளிகள் வரும், இரண்டாம் மாதம் வந்தவை அப்படியே இருக்கும், மூன்றாம் மாதம் மறைய ஆரம்பிக்கும். இப்படி அடங்கியவர்களில் பலருக்குத் திரும்ப எதுவுமே வராது. சிலருக்கு அடுத்த முறை ஸ்ட்ரெப் தொண்டை வரும்போது கொஞ்சம் புள்ளி தலைகாட்டும். வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்த சிறிய ஆய்வுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது பின்னாளில் நாட்பட்ட படை சொரியாசிஸாக மாறியிருக்கிறது. யாருக்கு மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல இரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. நான் சொன்ன அந்த விடுதிப் பையனுக்கு ஒன்றரை வருடம் கழித்து இன்னொரு தொண்டை வலி வந்தது. அவன் இந்தத் தடவை இரண்டாம் நாளே வந்துவிட்டான், கல்ச்சரில் கிருமி வளர்ந்தது, பத்து நாள் மருந்து முழுசாகச் சாப்பிட்டான். ஆனாலும் வயிற்றில் பத்துப் பன்னிரண்டு புள்ளி வந்தது, ஒரு மாதத்தில் போனது. அதற்கப்புறம் மூன்று வருடமாக இடது முழங்கையில் ஐந்து ரூபாய்க் காசளவு ஒரு படை மட்டும் இருக்கிறது. களிம்பு தடவினால் அடங்கும், நிறுத்தினால் மெல்ல எட்டிப் பார்க்கும்.

நான்கு மாதம் ஆகியும் புள்ளிகள் மறையாமல், ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய படையாகத் தடித்தால் மறுபடி காட்டுங்கள். காலையில் எழுந்ததும் விரல் மூட்டு விறைத்திருந்தாலும் அப்படியே. அது சொரியாசிஸ் மூட்டு வாதத்தின் தொடக்கமாக இருக்கலாம். வருடத்துக்கு நாலைந்து தடவை டான்சில் வீங்கி, ஒவ்வொரு தடவையும் புள்ளி கிளம்பினால் டான்சிலை எடுப்பது பற்றிக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் பேசலாம். ஒரே தடவை வந்ததற்காக எடுக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரண்டு மாதம் கழித்துக் கேட்பீர்கள். செதில் போனதும் புள்ளி இருந்த இடமெல்லாம் வெளுத்தோ கறுத்தோ தெரியும். வீட்டில் உடனே 'வெண்குஷ்டமா' என்று பதறுவார்கள். தொட்டுப் பாருங்கள்: தடிப்பு இல்லை, செதில் இல்லை என்றால் நோய் போய்விட்டது, நிறம் மட்டும்தான் பாக்கி. நம் தோலில் அந்த நிறம் சமமாவதற்கு ஆறு மாதம், சில சமயம் ஒரு வருடம்கூட ஆகும். அதற்கென்று தனி மருந்து வேண்டாம். பிளஸ் டூ பரீட்சை முடியும்வரை ஒளி சிகிச்சைக்கு அலைய முடியாது என்றால் எண்ணெயும் லோஷனும் போட்டுக்கொண்டு தள்ளிப்போடலாம், தோல் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட்டால் போதும்.